மூச்சுக்கு எதிராக அசையும் விலா

விலா எலும்பு ஒன்று ஓரிடத்தில் முறிந்தால் வலி உயிரை எடுக்கும். ஆனால் நெஞ்சுக்கூட்டின் வடிவம் குலையாது. முறிந்த எலும்பின் ஒரு முனையை முதுகெலும்பும், மறுமுனையை நடுநெஞ்சு எலும்பும் பிடித்திருக்கின்றன. மேலும் கீழும் உள்ள விலாக்கள் அணைகொடுக்கின்றன. அதே விலா இரண்டு இடங்களில் முறிந்தால் நிலைமை மாறுகிறது. இரண்டு முறிவுகளுக்கும் நடுவில் உள்ள துண்டை எந்த எலும்பும் பிடித்திருக்கவில்லை. அடுத்தடுத்த மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விலாக்கள் இப்படி இரண்டிரண்டு இடங்களில் முறிந்தால், நெஞ்சுச் சுவரின் ஒரு பகுதி முழுவதும் கழன்று, தசையும் தோலும் மட்டுமே தாங்க நிற்கும். மூச்சை உள்ளே இழுக்கையில் நெஞ்சின் மற்ற பகுதிகள் விரிய, இந்தப் பகுதி உள்ளே குழியும். மூச்சை விடுகையில் மற்றவை சுருங்க, இது வெளியே புடைக்கும். மருத்துவர்கள் இதை ‘ஃப்ளெயில் செஸ்ட்’ என்கிறார்கள்.

வாகன விபத்துகளில்தான் இதை அதிகம் பார்க்க முடிகிறது. இருசக்கர வாகனத்திலிருந்து சாலைத் தடுப்பின் விளிம்பில் விழுபவர், ஸ்டீயரிங்கில் நெஞ்சு மோதும் ஓட்டுநர், மரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழும் தொழிலாளி ஆகியோருக்கு நேரலாம். எலும்பு தேய்ந்த முதியவர்களுக்கு இவ்வளவு பெரிய அடி தேவையில்லை; குளியலறையில் வழுக்கி விழுந்தாலே பல விலாக்கள் முறியக்கூடும். மாரடைப்பில் விழுந்தவரின் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும்போது, நடுநெஞ்சு எலும்பின் இருபுறமும் விலாக்கள் முறிந்து அந்த எலும்பே கழன்று ஆடுவதும் உண்டு. அதற்குப் பயந்து நெஞ்சை அழுத்தாமல் இருந்துவிடக் கூடாது. முறிந்த விலாவைச் சரிசெய்யலாம். நின்றுவிட்ட இதயம் காத்திருக்காது.

கழன்ற பகுதி ஏன் எதிர்த்திசையில் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இயல்பான மூச்சு எப்படி நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நுரையீரலுக்குத் தானாக விரியும் தசை கிடையாது. அதைச் சுற்றியுள்ள சுவர் விரிந்தால் அதுவும் கூடவே விரியும், அவ்வளவுதான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் கீழே இறங்குகிறது. விலாக்களுக்கு இடையிலுள்ள தசைகள் சுருங்கி விலாக்களை மேலே தூக்குகின்றன. பக்கவாட்டு விலாக்கள் கீழே தொங்கும் வாளியின் கைப்பிடி போல வளைந்திருப்பதால், தூக்கியதும் வெளிப்பக்கமாக அகல்கின்றன. நெஞ்சுக்கூட்டின் கொள்ளளவு கூடுகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று மூக்கு வழியே உள்ளே வருகிறது.

நெஞ்சுச் சுவரின் உட்புறத்துக்கும் நுரையீரலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. இயல்பான மூச்சில் அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாகவே இருக்கும். மூச்சுவிட்டு முடித்த நிலையில் 5 செ.மீ. நீர்மட்டம் அளவுக்கும், சாதாரணமாக மூச்சை இழுத்து முடிக்கையில் 8 செ.மீ. அளவுக்கும் குறைவு. கேட்பதற்குச் சின்ன எண்கள்தான். ஆனால் ஒரு செ.மீ. நீர்மட்டம் என்பது ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பின் மீதும் ஏறத்தாழ ஒரு கிராம் எடையை வைப்பதற்குச் சமம். கழன்ற பகுதி 15 செ.மீ. உயரமும் 10 செ.மீ. அகலமும் உள்ளது என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 150 சதுர செ.மீ. மூச்சை இழுக்கும்போது அதன் மீது 8 கிராம் வீதம் 1,200 கிராம், அதாவது ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான விசை உள்நோக்கித் தள்ளுகிறது. முழுமையான விலாக்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இருபுறமும் முறிந்து நிற்கும் துண்டுகளுக்கு அதை எதிர்க்கும் வலு கிடையாது. அவை உள்ளே போகின்றன.

இதில் ஒரு விஷச் சுழல் இருக்கிறது. அடிபட்டவருக்கு மூச்சு போதவில்லை என்று தோன்றியதும் இன்னும் பலமாக இழுக்கிறார். அப்போது உள்ளே அழுத்தம் 30 செ.மீ. அளவுக்குக்கூட இறங்கலாம். அதே 150 சதுர செ.மீ. பரப்பின் மீது இப்போது நாலரை கிலோ விசை. எவ்வளவு பலமாக இழுக்கிறாரோ அவ்வளவு ஆழமாகக் குழிகிறது. இருமும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். சுமாரான ஒரு இருமலில் உள்ளழுத்தம் 60 செ.மீ. ஏறினால், 9 கிலோ விசை அந்தப் பகுதியை வெளியே தள்ளுகிறது. சளியை வெளியேற்ற வேண்டிய வேகத்தில் ஒரு பங்கு, தளர்ந்த சுவரைப் புடைக்க வைப்பதிலேயே வீணாகிறது. வலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு முறை இருமிப் பார்த்தவர் மறுமுறை இருமலை அடக்கிக்கொள்வார்.

கண்ணை ஏமாற்றிய அசைவு

இப்படி விகாரமாக ஆடும் நெஞ்சைப் பார்க்கும் எவருக்கும், மூச்சு திணறுவதற்குக் காரணம் அந்த ஆட்டமே என்றுதான் தோன்றும். மருத்துவ உலகமும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியது. ஜெர்மானிய மருத்துவர் லுடால்ஃப் பிரவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்வைத்த ஒரு கருத்து இதற்கு விளக்கமாகப் பயன்பட்டது. சுவர் குழியும் பக்கத்து நுரையீரலிலிருந்து கெட்ட காற்று மறுபக்கத்து நுரையீரலுக்குப் போகிறது. மூச்சுவிடும்போது அதே காற்று திரும்பி வருகிறது. இப்படி இரண்டு நுரையீரல்களுக்கும் இடையே ஊசலாடும் காற்று புதுக்காற்றுக்கு இடம் கொடுப்பதில்லை என்பது அந்த விளக்கம். கேட்பதற்குக் கச்சிதமாக இருந்ததால் பாடநூல்களிலும் நிலைத்துவிட்டது.

ஆட்டம்தான் நோய் என்றால் ஆட்டத்தை நிறுத்துவதுதான் மருந்து. அதனால் மணல் மூட்டைகளை வைத்து அழுத்தினார்கள். அகலமான பிளாஸ்திரியை நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். விலாவைக் கொக்கியில் மாட்டி, கயிறும் எடையும் கட்டி வெளியே இழுத்துப் பிடிப்பதும் நடந்தது. 1956இல் அமெரிக்காவில் ஏவரி, மோர்ச், பென்சன் ஆகிய மூவரும் வேறு வழியைக் காட்டினார்கள். மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தி, இயந்திரத்தால் காற்றை உள்ளே தள்ளினால் நுரையீரல் உள்ளிருந்தே அந்தத் துண்டை வெளியே தாங்கிப் பிடிக்கும். இயல்பான மூச்சில் உள்ளழுத்தம் குறைகிறது. வென்டிலேட்டரில் அது கூடுகிறது. அதனால் எதிர்த்திசை அசைவு அந்த நொடியே நின்றுபோகும். கட்டு, கொக்கி எல்லாம் ஒரேயடியாகத் தேவையற்றுப்போயின. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு, நெஞ்சு ஆடினால் வென்டிலேட்டர் என்பதே வழக்கமாயிற்று. எலும்பு கூடும்வரை, அதாவது வாரக்கணக்கில், நோயாளி இயந்திரத்திலேயே கிடக்க வேண்டியிருந்தது.

அந்த வாரங்களுக்கு விலையும் இருந்தது. குழாய் வழியாகக் கிருமிகள் இறங்கி நிமோனியா வந்தது, மூச்சுக்குழாய் புண்ணானது, தசைகள் மெலிந்தன. 1975இல் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் ட்ரிங்கிலும் அவரது குழுவினரும் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கப்படி உடனே வென்டிலேட்டர். மறு பிரிவினருக்கு நெஞ்சின் ஆட்டத்தைப் பொருட்படுத்தாமல், வலியைக் குறைத்து, சளியை வெளியேற்றி, ஊசி வழி ஏற்றும் திரவத்தைக் கட்டுக்குள் வைத்துச் சிகிச்சை தந்தார்கள். இயந்திரம் இல்லாதவர்களே நன்றாகத் தேறினார்கள். பின்னர் செய்த அளவீடுகளிலும், ஊசலாடும் காற்று என்ற பழைய விளக்கத்துக்குத் தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஆட்டத்தால் மூச்சின் உழைப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் பெரும்பாலோரின் உயிருக்கு ஆபத்து வருவது அதனால் அல்ல. அந்தச் சுவருக்குப் பின்னாலுள்ள நுரையீரலின் ஊமைக்காயமும் தாங்க முடியாத வலியும்தான் ஆபத்தானவை.

ஊமைக்காயமும் வலியும்

அத்தனை விலாக்களை இரண்டிரண்டு இடங்களில் முறிக்கும் அளவுக்கு விழுந்த அடி எலும்போடு நின்றுவிடுவதில்லை. எலும்புக்கு நேர் பின்னால் இருக்கும் நுரையீரலும் நசுங்குகிறது. தோலில் அடிபட்டால் கன்றிப்போவது போலவே நுரையீரலும் கன்றுகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் கிழிந்து, காற்று நிரம்ப வேண்டிய சிற்றறைகளில் ரத்தமும் நீரும் கசிகின்றன. அந்த அறைகளைச் சுற்றி ரத்தம் வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் உள்ளே காற்று இல்லாததால், ஆக்சிஜன் ஏறாமலேயே இதயத்துக்குத் திரும்பி நல்ல ரத்தத்தோடு கலந்துவிடும். முகமூடி வழியே எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் அது நீர் கோத்த அறைகளுக்குள் போகாது. விரலில் மாட்டும் கருவியில் அளவு ஏறாமல் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுவே.

கன்றிய நுரையீரல் விறைத்தும் போகிறது. விறைத்த நுரையீரலை விரிக்கக் கூடுதல் இழுப்பு தேவை. கூடுதல் இழுப்பு என்றால் தளர்ந்த சுவர் இன்னும் உள்ளே போகும். எலும்பின் ஆட்டத்தையும் நுரையீரலின் காயத்தையும் இணைக்கும் கண்ணி இதுதான். ஒரே அளவு எலும்பு முறிந்த இருவரில் நுரையீரல் நன்றாக இருப்பவருக்கு ஆட்டம் குறைவாகத் தெரியும். கன்றியவருக்கு அதிகமாகத் தெரியும்.

இந்தக் காயம் அடிபட்ட உடனே முழுதாக வெளிப்படுவதில்லை. முதல் எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாகவே இருக்கலாம். கசிவு கூடக் கூட, ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் வெள்ளை மேகம் போன்ற நிழல் படியத் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் மூச்சு மிக மோசமாகி, வேறு சிக்கல் சேராவிட்டால் ஒரு வாரம், பத்து நாட்களில் தெளியும். முதல் நாள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் ஐ.சி.யு.வுக்குப் போவதற்கு, உறவினர்கள் நினைப்பதுபோல் யாரோ கவனக்குறைவாக இருந்ததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காயத்தின் இயல்பே அப்படி.

வலி செய்யும் கெடுதலை ஒரு சின்னக் கணக்கில் காட்டிவிடலாம். நலமாக இருப்பவர் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ அரை லிட்டர், அதாவது 500 மில்லி காற்றை இழுக்கிறார். அதில் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகிய வழிகளிலேயே தங்கிவிடும். ரத்தத்தைத் தொடுவது 350 மில்லிதான். நிமிடத்துக்கு 14 மூச்சு என்றால் பயன்படும் காற்று 4,900 மில்லி. விலா முறிந்தவர் வலிக்குப் பயந்து 250 மில்லி மட்டும் இழுத்து, அதை ஈடுகட்ட நிமிடத்துக்கு 30 முறை மூச்சு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாகப் பார்த்தால் 7,500 மில்லி, நலமானவரைவிட அதிகம். ஆனால் வழியில் தங்கும் 150 மில்லி மாறுவதில்லை. ஒவ்வொரு மூச்சிலும் 100 மில்லிதான் பயனாகிறது. நிமிடத்துக்கு 3,000 மில்லி. இரண்டு மடங்கு உழைத்தும் கிடைப்பது முக்கால் பங்குகூட இல்லை. கரியமில வாயு வெளியேறாமல் ரத்தத்தில் தேங்குகிறது. நுரையீரலின் அடிப்பகுதிகள் விரியாமல் சுருங்கிக் கிடக்கின்றன. அங்கே சளி தேங்கி நிமோனியா பிடிக்கிறது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

இவ்வளவு சொன்ன பிறகும், எதிர்த்திசை அசைவு பல நேரங்களில் முதலில் தெரியாது என்பதே உண்மை. அடிபட்டதும் சுற்றியுள்ள தசைகள் இறுகி, கழன்ற பகுதியைச் சில மணி நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். தசை களைத்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். முதுகுப்புறம் முறிந்தால் தோள்பட்டை எலும்பும் தடித்த முதுகுத் தசையும் அதை மறைத்துவிடும். ஏற்கெனவே வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அசைவே இராது. அனுபவமுள்ள மருத்துவர்கள் சட்டையைக் கழற்றி, கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, நெஞ்சின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ச் சில மூச்சுகள் பொறுமையாகப் பார்ப்பார்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு அங்குலக் குழிவு பக்கவாட்டில் பார்க்கையில் தெரியும். பிறகு உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். முறிந்த முனைகள் உரசும்போது நறநறவென்று கையில் தட்டும். நுரையீரல் கிழிந்து காற்று தோலுக்கடியில் கசிந்திருந்தால், அழுத்தும் இடம் நொறுநொறுக்கும்.

சாதாரண எக்ஸ்ரே விலா முறிவுகளில் கணிசமானவற்றைத் தவறவிடும். சி.டி. ஸ்கேன்தான் எந்த விலா, எத்தனை இடங்களில், எவ்வளவு விலகி முறிந்திருக்கிறது என்றும், நுரையீரலில் எவ்வளவு பங்கு கன்றியிருக்கிறது என்றும் காட்டும். ஒன்பதாம் விலாவுக்குக் கீழே முறிந்திருந்தால் வலப்பக்கம் கல்லீரலையும் இடப்பக்கம் மண்ணீரலையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே ரத்தக்கசிவு சத்தமில்லாமல் நடக்கும்.

சிறுவர்களிடம் நிலைமை தலைகீழ். அவர்களின் விலா வளைந்து கொடுக்கும், முறியாது. எலும்பு முறியவில்லையே என்று ஆறுதல் அடையக் கூடாது. முறியாத எலும்புக்குப் பின்னால் நுரையீரல் மோசமாகக் கன்றியிருக்கலாம்.

ஒருவருக்கு நேர்வது

வழக்கமாக நடப்பதைக் காட்ட ஒரு உதாரணம். 58 வயதுக்காரர் ஒருவர் பைக்கில் போகும்போது சறுக்கி, இடது விலாப்புறம் சாலைத் தடுப்பில் மோத விழுகிறார். 108 ஆம்புலன்ஸ் வரும்வரை அருகிலிருப்பவர்கள் துண்டால் நெஞ்சை இறுக்கிக் கட்டிவிட முனைவது இயல்பு. அது வேண்டாம். இறுக்கினால் நல்ல பக்கமும் விரியாமல் போய்விடும். அவருக்கு வசதியான நிலையில் சாய்ந்திருக்க விட்டு, விருப்பப்பட்டால் அவர் தன் கையையே வலிக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அவசரப் பிரிவில் மூச்சு நிமிடத்துக்கு 26. ஆக்சிஜன் அளவு 94. எக்ஸ்ரேயில் மூன்று முறிவுகளும், இடப்பக்கம் அடியில் கொஞ்சம் ரத்தம் தேங்கியதும் தெரிகின்றன. விலாக்களுக்கு இடையே குழாய் செருகுகிறார்கள்; 400 மில்லி ரத்தம் வடிந்து நிற்கிறது. ஒன்றரை லிட்டர் ஒரேயடியாக வந்திருந்தால் நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். சி.டி.யில் உண்மை வெளிப்படுகிறது: நான்காவது முதல் எட்டாவது வரை ஐந்து விலாக்கள், அக்குள் கோட்டில் ஒன்றும் முதுகுப்புறம் ஒன்றுமாகப் பத்து முறிவுகள். வலியூசி போட்டதும் அவர் தெளிவாகப் பேசுகிறார். கவலைப்பட ஒன்றுமில்லை என்று வீட்டார் நினைக்கும் நேரம் இது.

மறுநாள் அதிகாலையில் மூச்சு 36 ஆகிறது. முகமூடியில் ஆக்சிஜன் ஓடியும் அளவு 88. அக்குளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் ஒவ்வொரு மூச்சிலும் குழிந்து எழுகிறது. எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் கீழ்ப்பாதி வெளுத்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் பழைய மருத்துவம் உடனே குழாய் போட்டிருக்கும். இப்போது முதலில் வலியைக் கையாளுகிறார்கள். முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே, நெஞ்சு மட்டத்தில், மெல்லிய குழாயைப் பொருத்தி மரத்துப்போகும் மருந்தைச் சொட்டுச்சொட்டாக விடுகிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் என்றாலோ முதுகெலும்பும் அடிபட்டிருந்தாலோ இது முடியாது; அப்போது விலா நரம்புகளை வேறிடத்தில் மரக்கச் செய்வார்கள். அதிக அளவில் மார்ஃபின் போன்றவை கொடுத்தால் வலி குறையும், ஆனால் மூச்சும் மந்தமாகும். நரம்பை மரக்கச் செய்வதில் அந்தச் சிக்கல் இல்லை.

அரை மணியில் மூச்சு 24க்கு இறங்குகிறது. அடுத்து, முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் முகமூடி வழியே தொடர்ந்து அழுத்தத்துடன் காற்று செலுத்துகிறார்கள். இது மூடிக்கிடக்கும் சிற்றறைகளைத் திறக்கிறது. தளர்ந்த சுவரையும் உள்ளிருந்து ஓரளவு தாங்குகிறது. ரத்த அழுத்தம் சரியாக இருப்பதால் தேவைக்கு மேல் சலைன் ஏற்றுவதில்லை. கன்றிய நுரையீரலில் அது மேலும் கசியும். அதற்காக, ரத்தம் இழந்து அதிர்ச்சியில் இருப்பவருக்குத் திரவத்தை நிறுத்துவதும் தவறு.

கட்டிலருகே வைக்கும் மூன்று பந்துக் கருவியை மருத்துவமனைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். மூன்று பிளாஸ்டிக் குழல்களின் மீது 600, 900, 1200 என்று அச்சிட்டிருக்கும். அது ஊதுவதற்கானது அல்ல, உறிஞ்சுவதற்கானது. நோயாளிகளில் பலரும் முதலில் ஊதத்தான் செய்கிறார்கள். மெதுவாக உறிஞ்சிப் பந்தை மேலே சில விநாடிகள் நிறுத்த வேண்டும். இரண்டாம் நாள் காலை இவரால் முதல் பந்தைக்கூட அசைக்க முடியவில்லை. வலி தணிந்த மாலையில் அது மேலேறி நிற்கிறது. தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்தபடி இருமவும் பழக்குகிறார்கள். வெறும் பந்துதானே என்று அலட்சியப்படுத்தும் இந்தப் பயிற்சிதான் பலரை வென்டிலேட்டரிலிருந்து காப்பாற்றுகிறது.

இவ்வளவு செய்தும் களைத்துப் பிதற்றத் தொடங்கினாலோ, ரத்தத்தில் கரியமில வாயு ஏறினாலோ, ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போனாலோ குழாய் போடத் தயங்கக் கூடாது. ஆட்டத்துக்காக வென்டிலேட்டர் இல்லை. மூச்சு தோற்றால் வென்டிலேட்டர் என்பதே இன்றைய வழி. இயந்திரத்தில் இருப்பவருக்கும், முகமூடியில் அழுத்தக் காற்று பெறுபவருக்கும் திடீரென்று ரத்த அழுத்தம் சரிந்து, ஒரு பக்கத்தில் மூச்சு சத்தம் கேட்காமல் போனால், கிழிந்த நுரையீரலிலிருந்து கசிந்த காற்று நெஞ்சுக்குள் சிறைப்பட்டு இதயத்தை நெருக்குகிறது என்று பொருள். அதற்கு எக்ஸ்ரேக்குக் காத்திருக்க நேரம் இல்லை. உடனே காற்றை வெளியேற்ற வேண்டும்.

தகடு வைப்பதா வேண்டாமா

கை, கால் எலும்பு முறிந்தால் தகடு வைக்கிறார்களே, விலாவுக்கு ஏன் வைப்பதில்லை என்பது நியாயமான கேள்வி. வெகுகாலம் வைக்காமல்தான் இருந்தார்கள். விலா மெல்லியது, ஓயாமல் அசைவது. பழைய கம்பிகள் நிலைக்காமல் நழுவின. விலாவின் வளைவுக்கேற்ப வடித்த டைட்டேனியத் தகடுகள் வந்த பிறகு நிலைமை மாறியது. ஜப்பானில் தனகாவும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த 37 பேரில் தகடு வைத்தவர்கள் சராசரியாக 11 நாட்களுக்குள்ளும், வைக்காதவர்கள் 18 நாட்களுக்கு மேலும் இயந்திரத்தில் இருந்தார்கள். 2022இல் கனடா, அமெரிக்க மருத்துவமனைகளில் 207 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு இன்னும் நிதானமான பதிலைத் தந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் வென்டிலேட்டர் இல்லாத நாட்களில் திட்டவட்டமான வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை பயன் தந்தது. இறப்பும் அறுவை செய்த பிரிவில் குறைவாக இருந்தது.

ஆகவே எல்லா விலா முறிவுக்கும் தகடு என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. நெஞ்சு வெளிப்படையாக ஆடி, வலி மருந்துக்கும் மூச்சு தேறாதவர், வென்டிலேட்டரிலிருந்து விடுபட முடியாதவர், எலும்பு உள்ளே குத்திச் சுவரின் வடிவமே நசுங்கியவர் ஆகியோருக்கு அது தகும். முடிவெடுத்தால் மூன்று நாட்களுக்குள் செய்வது நல்லது. பிறகு வீக்கமும் உறைந்த ரத்தமும் வேலையைக் கடினமாக்கும். மாறாக, திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் நுரையீரல் கன்றியதே என்றால், எலும்பை நேராக்குவதால் அது ஆறிவிடாது. எல்லா விலாவுக்கும் தகடு வைப்பதும் இல்லை. மேலே தோள்பட்டை எலும்பின் அடியில் உள்ளவற்றையும் முதுகெலும்பை ஒட்டிய முறிவுகளையும் விட்டுவிட்டு, ஆட்டத்துக்குக் காரணமான நடு விலாக்களை மட்டும் பிணைத்தால் போதும்.

உதாரணத்தில் வந்தவருக்குத் தகடு தேவைப்படவில்லை. நான்காம் நாள் முகமூடி எடுத்தார்கள். ஆறாம் நாள் நெஞ்சுக் குழாய். பத்தாம் நாள் வீட்டுக்குப் போனார். இவர் 75 வயதாக இருந்திருந்தால் கதை இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. முதியவர்களிடம் முறியும் ஒவ்வொரு கூடுதல் விலாவுக்கும் இறப்பு அபாயம் 19 சதவீதமும், நிமோனியா அபாயம் 27 சதவீதமும் கூடுவதாக 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதனால் 65 வயதைத் தாண்டியவருக்கு மூன்று விலாக்கள் முறிந்தால், அவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பதே வழக்கம்.

விலா எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது; ஆனால் படுத்தே கிடக்கவும் கூடாது, நடக்க வேண்டும். புகைபிடிப்பவர் நிறுத்தியாக வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், மஞ்சள் சளி, முன்பைவிட அதிக மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். சில நேரங்களில் முதல் எக்ஸ்ரே நன்றாக இருந்து, நாட்கள் கழித்து நெஞ்சுக்குள் ரத்தம் சேர்வதும் நடக்கும். சிலருக்கு எலும்பு கூடிய பிறகும் மாதக்கணக்கில் நெஞ்சு இறுக்கமும், குனிந்து நிமிரும்போது குத்தும் வலியும் இருக்கும். முறிவின்போது விலாவை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கியதால் வரும் வலி அது. அதற்குத் தனியே மருந்து உண்டு.